கரண்டியில் பொறித்த எண் கிராம் அல்ல

வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டுக்குள் நுழைந்தால் தொழிற்சாலைகளோடு கேன்டீன்களும் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அடுப்படியில் பாதிப் பேர் கோவைப் பக்கத்துக்காரர்கள், பரிமாறுபவர்கள் பெரும்பாலும் பாலக்காட்டுக்காரர்கள். நாங்கள் கரண்டி என்றால் அவர்கள் தவி என்பார்கள். புதிதாக வந்த ஒருவரிடம் மோர் என்ற பொருளில் "சம்பாரம் எடுத்து வா" என்று சொல்லிச் சாம்பார் வாளி வந்து நின்ற கதையும் உண்டு. பெயரில் வரும் குழப்பம் சிரிப்போடு போய்விடும். அளவில் வரும் குழப்பம் பந்தியின் கடைசியில்தான் தெரியும்.

ஒரு நாள் 150 பேருக்கு 18 லிட்டர் சாம்பார் வைத்தோம். கரண்டி 120 மில்லி என்று கடைக்காரர் சொல்லி விற்றது. 18,000-ஐ 120-ஆல் வகுத்தால் சரியாக 150. ஆனால் 128 பேர் சாப்பிட்டதும் வாளி தீர்ந்தது. "நான் குறைத்துத்தான் ஊற்றினேன்" என்று பரிமாறியவர் சத்தியம் செய்தார். மாஸ்டர், "நான் வைத்த அளவு குறையவில்லை" என்று அவர் பங்குக்குக் கரண்டியைத் தட்டினார். இருவரும் பொய் சொல்லவில்லை.

மறுநாள் அதே கரண்டி, அதே ஆள். தராசில் ஒரு பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, பந்தியில் ஊற்றுவது போலவே பத்துக் கரண்டி ஊற்றச் சொன்னோம். 1,440 கிராம் வந்தது, அதாவது கரண்டிக்கு 144. எங்கள் சாம்பார் ஒரு லிட்டர் 1,030 கிராம் இருக்கும். அந்தக் கணக்கில் 144 கிராம் என்பது 140 மில்லி. 18,000-ஐ 140-ஆல் வகுத்தால் 128 பேர். முந்தின நாள் வாளி எங்கே தீர்ந்ததோ அதே இடம். கடைக்காரர் சொன்ன 120 விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும் அளவு. கைப்பழக்கமோ விளிம்பு வரை மொள்ளும்.

ஆகவே முதல் தவறு, கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்துவது. நமக்கு வேண்டியது தட்டில் விழும் எடை. கெட்டியான குழம்பில் கொஞ்சம் கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு வாளிக்குத் திரும்பும். அவசரத்தில் கொஞ்சம் சிந்தும். இவையெல்லாம் தட்டில் விழுந்ததை எடை போட்டால்தான் கணக்கில் வரும். ஒரே கரண்டியை எடை போட்டு முடிவு செய்வதும் ஆகாது. முதல் கரண்டியை எவரும் கவனமாகத்தான் ஊற்றுவார்கள். ஐந்தாவது, ஆறாவதில்தான் உண்மையான கை வெளிப்படும். பத்து ஊற்றிப் பத்தால் வகுப்பது அதற்காகத்தான். ஒரு கிராம் வரை காட்டும், ஐந்து கிலோ தாங்கும் சாதாரணத் தராசே இதற்குப் போதும்.

சாம்பார், ரசம், மோர், தயிர் ஆகியவற்றில் மில்லியும் கிராமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்தப் பழக்கத்தைச் சோற்றுக்குக் கொண்டு போவதுதான் எங்களுக்கு அதிகச் செலவு வைத்த தவறு. சோற்றுக்கு நாங்கள் வைத்திருப்பது 250 மில்லிக் கிண்ணம். அதனால் முன்பிருந்தவர் பட்டியலில் ஆளுக்கு முதல் முறை 250 கிராம் சோறு என்று எழுதி வைத்திருந்தார். நிறுத்துப் பார்த்தபோது, வடித்த சூட்டோடு அள்ளிய பொன்னி அரிசிச் சோறு கிண்ணத்துக்கு 175 கிராம்தான் நின்றது. பருக்கைக்குப் பருக்கை இடையில் காற்று இருக்கிறது. அதற்கு எடை கிடையாது. வித்தியாசம் 75 கிராம், 150 பேருக்கு 11 கிலோ 250 கிராம் சோறு. அரிசியாகச் சொன்னால் நான்கு கிலோவை ஒட்டி வரும். இரண்டாம் முறைக்குத் தனியாக அரிசி போட்டதால், இது முழுக்க மிச்சமாகிக்கொண்டிருந்தது. ஒரே சமையலறையில் சாம்பார் பற்றாமல் போகிறது, சோறு மாட்டுக்குப் போகிறது!

அந்த 175-ம் நிலையான எண் அல்ல. மூடிய அண்டாவில் ஒன்றரை மணி நேரம் இருந்த சோறு தன் பாரத்திலேயே அமுங்கிவிடும். அடியிலிருந்து அதே கிண்ணத்தில் அள்ளியபோது 208 கிராம் வந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவரைவிடக் கடைசிப் பந்திக்காரர் 33 கிராம் கூடுதலாகச் சாப்பிட்டார், யாரும் கேட்காமலே. எனவே பந்தியின் தொடக்கத்தில் ஒரு தடவையும் நடுவில் ஒரு தடவையும் எடை பார்க்க வேண்டும். அள்ளுவதற்கு முன் சோற்றைக் கரண்டிக் காம்பால் கிளறி உதிர்த்துவிட்டால் வித்தியாசம் பெரும்பாலும் அடங்கிவிடும். மட்டை அரிசி போடும் நாளில் பொன்னியின் எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பருக்கை தடிமன், அடுக்கும் விதமே வேறு. புதிதாக நிறுத்து, தனி வரியில் எழுத வேண்டும்.

பொரியலில் குவியல்தான் வில்லன். சாம்பார் விளிம்புக்கு மேல் நிற்காது, வழிந்துவிடும். தேங்காய் போட்ட முட்டைக்கோஸ் தோரனோ கோபுரம் கட்டும். 60 மில்லிக் கரண்டியில் தலைதட்டி எடுத்தால் எங்களுக்கு 34 கிராம், குவித்தால் 52. படியில் நெல் அளந்த காலத்திலேயே தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் வேறு வேறு என்று தெரிந்தவர்கள்தான் நாம். பொரியல் கரண்டிக்கு மட்டும் அதை ஏனோ மறந்துவிடுகிறோம். பாத்திரத்தின் உள்விளிம்பில் ஒரு முறை வழித்துவிட்டு எடுக்கச் சொன்னால் போதும். அது முடியாது என்றால் குவித்த எடையையே பட்டியலில் எழுதிவிடலாம். எழுதியது ஒன்று, எடுப்பது ஒன்று என்று இருப்பதுதான் தவறு.

விசை வைத்த உருண்டை ஸ்கூப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 8, 16 என்று பொறித்திருப்பது கொள்ளளவு அல்ல. ஓர் அமெரிக்கக் குவார்ட்டு, அதாவது சுமார் 946 மில்லி, எத்தனை ஸ்கூப்பில் தீரும் என்பதே அந்த எண். 8 என்றால் ஏறக்குறைய 118 மில்லி, 16 என்றால் அதில் பாதி. எண் கூடக் கூட ஸ்கூப் சிறுத்துக்கொண்டே போகும். பெரிய எண்ணைப் பெரிய ஸ்கூப் என்று வாங்கிவிட்டுப் பிறகு ஆளுக்கு இரண்டிரண்டாக வைத்துச் சமாளித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாம்பாருக்கே திரும்பினால், எடை சரியாக இருந்தும் பங்கு தவறாகும் ஓர் இடம் உண்டு. பருப்பும் காயும் அடியில் தங்கும். மேலாக மொண்டால் 144 கிராம் தெளிநீரும் 144 கிராம்தான். தராசுக்கு இது தெரியாது, சாப்பிடுபவருக்குத் தெரியும். எங்களிடம் இப்போது கரண்டி அடியைத் தொட்டுத்தான் எழும்ப வேண்டும் என்று வழக்கம். ஒவ்வொரு பத்து இலைக்கும் ஒரு முறை வாளியையும் கலக்கிவிடுகிறோம்.

வாளியின் கடைசி இரண்டு விரல் ஆழம் தனிப் பிரச்சினை. குழிக்கரண்டி அதில் முழுகாது. சாய்த்து மொண்டால் முக்கால்தான் ஏறும். கடைசிப் பத்துப் பேருக்கு எப்போதும் குறைவாகவே விழுவதற்குக் காரணம் பரிமாறுபவரின் கஞ்சத்தனம் அல்ல, இதுதான். அந்த ஆழத்துக்கு வந்ததும் மிச்சத்தைக் குறுகலான ஒரு தூக்குக்கு மாற்றிக்கொண்டால் அதே கரண்டி மறுபடி விளிம்பு வரை நிரம்பும்.