வெற்றிலைப் புள்ளி: படம் பார்த்துத் தரம் பிரிக்கும்போது

காலையில் பறித்த வெற்றிலையைக் கவுளியாகக் கட்டிப் படமெடுத்துத் தரகருக்கு அனுப்பினால், நல்ல இலையும் சில நேரம் கழிவாகத் தள்ளப்படும். ஈரத்தில் பட்ட வெளிச்சம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதுதான் காரணம். இலையை ஈரம் போகத் துடைத்து, நிழலில், வெள்ளைத் துணிமேல் வைத்து, ஃபிளாஷ் போடாமல் எடுத்தேன். பாதித் தகராறு தீர்ந்தது.

மீதிக்கு ஒரே படம் போதாது. மேல்பக்கம், அடிப்பக்கம், பிறகு காம்பைப் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கி ஒன்று. பாக்டீரியப் புள்ளி ஆரம்பத்தில் மேலே சரியாகத் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே நீர் ஊறியதுபோல், நரம்புகளுக்குள் அடங்கிய கோணல் கட்டமாகத் தெரியும். மறுநாள் அதுவே கறுத்துப் பக்கத்து இலையையும் கெடுக்கும்; அதனால் சின்னதாக இருந்தாலும் கவுளியில் சேர்ப்பதில்லை. காய்ந்த பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் என்று சந்தேகிக்கலாம். ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் தனிக் கட்டாக, குறைந்த விலைக்குப் போகும்.

படத்தில் பிடிபடாதது இலையின் தடிமன். அதற்கு விரல்தான்.

கொடிக்காலில் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை தெளிப்பதானால் இலை பறித்த பிறகே. முன்னால் தெளித்தால் நீலப் படிவு ஒட்டிக்கொள்ளும். மெல்லுகிற இலை இது.