வாய்விட்டுப் படித்தும் தப்பிய நான்கு பிழைகள்

பெங்களூரில் எங்கள் குடியிருப்பில் பொங்கல் வந்தால் தமிழ்ச் சுற்றறிக்கை எழுதும் வேலை என் தலையில்தான் விழும். ஒருமுறை, எழுதியதை இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு, தைரியமாக லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். அதில் இப்படி ஒரு வரி:

"மதிய உனவு மாடி அரையில் நடைபெரும் விழாவுக்கு பிறகு பரிமாறப்படும்."

உணவு, அறை, நடைபெறும், விழாவுக்குப் பிறகு என்று இருந்திருக்க வேண்டும். ஒரே வரியில் நான்கு பிழை. முதல் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். நான் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் தட்டுகிறேன். அதில் n என்றால் ன, N என்றால் ண. r என்றால் ர, R என்றால் ற. ஷிஃப்ட்டில் விரல் சரியாகப் பதியாவிட்டால் உணவு உனவாகிவிடும்.

சரி, உரக்கப் படித்தும் ஏன் சிக்கவில்லை? நம்மில் பலர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம், ன-வும் ண-வும் அப்படித்தான். தவறாக எழுதியிருந்தாலும் காதில் சரியாகவே விழும். 'விழாவுக்கு பிறகு' என்பதில் வாய் இன்னும் மோசம். தாளில் இல்லாத ப்-பை அதுவே போட்டுப் படித்துவிடும். என் மகளிடம் கொடுத்திருந்தால் 'உனவு' மாட்டியிருக்கும். பள்ளியில் கன்னடம் படிப்பதால் அவள் வாயில் ன, ண இரண்டும் தனித்தனியே வரும். ஆனால் இன்றைய கன்னட எழுத்தில் ற கிடையாது, அதனால் 'அரை' அவளிடமும் தப்பியிருக்கும்.

உரக்கப் படிப்பதே வீண் என்று சொல்லவில்லை. விட்டுப்போன சொல், இரண்டு முறை விழுந்த 'என்று', 'தொண்டர்கள் பரிமாறுவார்' போன்ற ஒருமை பன்மைக் குளறுபடி இவையெல்லாம் நாக்கில் தடுக்கும். எழுத்துப் பிழைக்கு அதை நம்புவதுதான் தவறு. நம்பித்தான் ஆக வேண்டுமென்றால், சந்தேகமான சொல்லில் மட்டும் நின்று, பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரி "மூணு சுழி ண, ரெண்டு சுழி ன" என்று எழுத்தின் பெயரைச் சொல்லிப் படியுங்கள்.

அப்புறம், பின்னாலிருந்து படிப்பது. அதே வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பாருங்கள்: பரிமாறப்படும், பிறகு, விழாவுக்கு, நடைபெரும், அரையில், மாடி, உனவு, மதிய. அடுத்து என்ன வரும் என்று மனம் ஊகிக்க முடியாததால் ஒவ்வொரு சொல்லும் தனியாக நிற்கிறது. 'உனவு', 'நடைபெரும்' இரண்டும் உடனே உறுத்தும். ஆனால் 'அரை' தனியாகப் பார்த்தால் நல்ல சொல்தான், பாதி என்று பொருள். 'விழாவுக்கு' என்பதிலும் குற்றமில்லை. ஒற்று மிகுமா என்பது அடுத்த சொல்லைப் பொறுத்தது, நாமோ அந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டோம். தமிழில் சொல் சொல்லாகத் தலைகீழாகப் படித்துவிட்டு அதோடு நிறுத்துவது பாதி வேலை.

மிச்சமிருக்கும் இரண்டையும் பிடிக்க நான் இப்போது செய்வது: அச்செடுத்து, கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் போகிறேன், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நேராகவே படிக்கிறேன். கீழே உள்ள வரிகளை ஒரு தாளால் மூடிவிடுவேன். 'கு' என்று முடியும் ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்குகிறதா என்று பார்ப்பேன். நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் அங்கே ஒற்று மிகும். 'விழாவுக்குப் பிறகு' அப்படித்தான் கிடைத்தது. 'மாடி அரை' என்று சேர்த்துப் பார்த்தபோது அதுவும் பல்லிளித்தது.

திருத்தும்போது இன்னொரு தவறு செய்தேன். 'அரை' என்று வரும் இடமெல்லாம் 'அறை' ஆகட்டும் என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டேன். அதே தாளில் கீழே சாப்பாட்டுப் பட்டியல் இருந்ததை மறந்துபோனேன். மூன்றாம் மாடி மாமி கேட்டார்: "ஏம்ப்பா, தேங்காய் அறைத்த குழம்புன்னு போட்டிருக்கியே, தேங்காயை யாரு அறைஞ்சா?" அன்றிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லித்தான் மாற்றுகிறேன். திருத்திய வாக்கியத்தை மறுபடி முழுதாகப் படிக்காமல் விடுவதில்லை.

எப்படிப் படித்தாலும் கண்ணுக்குச் சிக்காத ஒன்றும் உண்டு. 'கௌரவம்' என்பதை கெ, ள என்று தனித்தனி எழுத்தாகத் தட்டியிருந்தால் திரையிலும் தாளிலும் வித்தியாசமே தெரியாது. கோப்பில் தேடினால்தான் அந்தச் சொல் கிடைக்காமல் காட்டிக்கொடுக்கும். நான் ஆவணத்தின் தேடல் பெட்டியில் 'கெள', 'மெள', 'செள' என்று தட்டிப் பார்க்கிறேன். 'மெள்ள' போன்ற நியாயமான சொற்களும் வந்து நிற்கும், அவற்றைத் தாண்டிப் போக வேண்டும்.