குழாயை மூடிவிட்டு மீட்டரைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

கோவையில் என் அக்கா வீட்டுக்குத் தண்ணீர்க் கட்டணம் திடீரென்று ஏறியது. மண்ணுக்கடியில் எங்கோ கசிகிறது என்று மாமாவுக்குச் சந்தேகம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே பிளம்பர் வந்து முன்வாசல் டைல்ஸை உடைக்க வேண்டும் என்றார். நான் தடுத்தேன். ஏனென்றால் மாமா மூடியவை அனைத்தும் மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் குழாய்கள். மாநகராட்சித் தண்ணீர் மீட்டரைக் கடந்து நேராகத் தரைத்தொட்டியில் விழுகிறது. தொட்டி நிரம்பி மிதவை மேலே எழும்வரை மீட்டர் ஓடத்தான் செய்யும்.

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் நடக்கும் தவறு இதுதான். குளியலறைக் குழாயை மூடுவது இந்தச் சோதனைக்குப் போதாது. தரைத்தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்துக்கு முன்னால் இருக்கும் வால்வை மூட வேண்டும். முற்றத்தில் நேரடி இணைப்பில் ஒரு குழாய் இருந்தால் அதையும் மூட வேண்டும். பழைய கேட் வால்வுகள் இறுக்கி மூடினாலும் தண்ணீரைக் கசியவிடும். தொட்டி மூடியைத் திறந்து, மிதவையைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். குழாய் வாயிலிருந்து ஒரு சொட்டும் விழாவிட்டால்தான் வால்வு உண்மையில் மூடியிருக்கிறது.

அடுத்தது நேரம். அவர்கள் பகுதியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் தண்ணீர் வரும். தண்ணீர் வராத நேரத்தில் மீட்டரைப் பார்த்து, முள் அசையவில்லை என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. குழாயில் அழுத்தமே இல்லாதபோது முள் எப்படி அசையும்? தண்ணீர் திறந்த முதல் சில நிமிடங்களும் ஆகாது. குழாயில் அடைந்திருந்த காற்று மீட்டரைச் சுழற்றிவிடும். அரை மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது.

மீட்டரில் கறுப்பு எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அவை கன மீட்டரைக் காட்டுபவை. ஒரு எண் மாற 1,000 லிட்டர் போக வேண்டும். முகப்பில் நட்சத்திரம் போன்ற ஒரு சிறு சக்கரம் இருக்கும். ஓட்டம் இருக்கிறதா என்பதை முதலில் சொல்வது அதுதான். அது முன்னும் பின்னும் சற்றே ஆடினால் தெருக் குழாயின் அழுத்த மாற்றமாக இருக்கலாம். ஒரே திசையில் விடாமல் நகர்ந்தால்தான் கசிவு. அளவு தெரிய x0.0001 என்று குறித்த சிவப்பு முள்ளைப் பாருங்கள். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு லிட்டர்.

அக்கா வீட்டில் தொட்டி வால்வை மூடிய பிறகும் நட்சத்திரம் மெல்ல நகர்ந்தது. செல்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து இன்னொன்று எடுத்தோம். இடையில் 8 லிட்டர் போயிருந்தது. மணிக்கு 32 லிட்டர் வீதம், ஒருமுறை தண்ணீர் வந்து நிற்பதற்குள் 128 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையே இருப்பது பதினான்கு அடிக் குழாய்தான். கசிவு அதற்குள்தான் என்று உறுதியாயிற்று. இரவு தெரு அடங்கிய பிறகு, குழாயில் அழுத்தம் இருக்கும்போதே, இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து, அடிக்கு ஒரு இடமாகக் கேட்டுக்கொண்டே போனேன். வாசற்கதவின் சரிவுக்கருகில் 'ஸ்ஸ்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. காலையில் அங்கே மட்டும் தோண்டினோம். பழைய ஜி.ஐ. குழாயின் எல்போ துருப்பிடித்து, ஊசித் துளை விழுந்திருந்தது. பிளம்பர் உடைக்கச் சொன்ன டைல்ஸ் அங்கிருந்து எட்டடி தள்ளி இருந்தது.

அந்தத் துளையைச் சுற்றியிருந்த சேற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது வெளியே இருக்கும் அழுக்கு நீர் அதே துளை வழியாக உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் அடுத்த முறை தொட்டியில் முதலில் விழுவது அதுதான்.

மீட்டர் அசையவில்லை என்றால் வீட்டில் கசிவே இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. சொட்டுச் சொட்டாகப் போகும் கசிவு மீட்டரின் சக்கரத்தை நகர்த்தாது. தரைத்தொட்டியின் விரிசலும் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களின் கசிவும் இந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. தரைத்தொட்டிக்கு, இரவில் உள்வரும் வால்வை மூடி, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தைச் சுவரில் ஆணியால் கீறி வையுங்கள். காலையில் மட்டம் கீறலுக்குக் கீழே இறங்கியிருந்தால் தொட்டியே கசிகிறது.

எல்போவை மாற்றியதும் குழியை மூடிவிடாதீர்கள். நாங்கள் அடுத்த முறை தண்ணீர் வரும்வரை இரண்டு நாள் குழியின் மேல் பலகை போட்டு வைத்திருந்தோம். தண்ணீர் வந்ததும் மறுபடியும் 15 நிமிடம் பார்த்தோம். நட்சத்திரம் அசையவில்லை. அதன் பிறகே மாமா மண்ணைத் தள்ளினார்.