காபி கொண்டு வரும் ரோபோ: ஸ்டேட் மெஷினா, பிஹேவியர் ட்ரீயா?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஓர் ஆபீஸ். பேன்ட்ரியில் காபி ஏற்றிக்கொண்டு கேட்டவர் மேசைக்குக் கொண்டு போவதுதான் ரோபோவின் வேலை. இதற்கு முதலில் ஸ்டேட் மெஷினையே வரையுங்கள்: காத்திரு, பேன்ட்ரிக்குப் போ, ஏற்று, மேசைக்குப் போ, கொடு. ரோபோவின் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றாக ஐந்து வட்டம், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் அம்புகள். யார் பார்த்தாலும் புரியும்.

இப்போது "சார்ஜ் குறைந்தால் சார்ஜருக்குப் போ" என்று ஒரு வட்டம் சேருங்கள். எந்த வேலையின் நடுவிலும் சார்ஜ் குறையலாம் என்பதால் ஐந்து வட்டங்களிலிருந்தும் அம்பு வேண்டும், சார்ஜ் ஏறியதும் எங்கே திரும்புவது என்பதையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும். அப்புறம் வழியில் யாராவது கப்பை எடுத்துவிட்டால்? அதற்கும் தனி அம்பு.

சரி, அதே வேலையைப் பிஹேவியர் ட்ரீயாக, அதாவது மேலிருந்து கிளை பிரியும் மரமாக எழுதுவோம்.

```
→
├─ ?
│  ├─ BatteryOK
│  └─ Charge
├─ ?
│  ├─ OrderDone
│  ├─ CupOnTray
│  └─ FetchCoffee
└─ ?
   ├─ OrderDone
   └─ Deliver
```

அம்புக்குறி என்றால் வரிசையாக எல்லாம் வெற்றி பெற வேண்டும். கேள்விக்குறி என்றால் ஏதாவது ஒன்று வெற்றி பெற்றால் போதும். விநாடிக்குப் பத்து தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் ட்ரீ மேலிருந்து கேட்டுக்கொண்டே வரும், அதில் உள்ள ஒவ்வொரு கணுவும் வெற்றி, தோல்வி, இன்னும் நடக்கிறது என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். நடைபாதையில் கப்பை யாரோ எடுத்துவிட்டால் `CupOnTray` தோற்கும், ரோபோ தானாகப் பேன்ட்ரிக்குத் திரும்பும், அம்பே தேவையில்லை. `OrderDone` மட்டும் இல்லாவிட்டால், மேசையில் உரியவரே கப்பை எடுத்தாலும் இன்னொரு காபிக்கு ஓடும்!

அடுத்து `BatteryOK`. இதில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். 20 சதவீதத்துக்குக் கீழே தோல்வி என்று மட்டும் எழுதினால், 20-ஐத் தொட்டவுடன் ரோபோ சார்ஜரை விட்டுக் கிளம்பும், நாலடி போய்த் திரும்பும், இப்படியே சார்ஜரைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் 20-க்குக் கீழே ஒருமுறை தோற்றால் 80 ஏறும்வரை தோல்வியே சொல்லும்படி அதற்கு ஒரு ஞாபகம் வையுங்கள். (அதற்குள் காபி ஆறிவிடும், அது வேறு கதை.)

இன்னொன்று, `Deliver` பாதியில் நிறுத்தப்பட்டால் வழிகாட்டும் நிரலுக்குக் கொடுத்த பழைய இலக்கையும் ரத்து செய்ய வேண்டும். திரையில் `Charge` ஓடுகிறது, ரோபோவோ மேசையை நோக்கியே போகிறது என்றால் கோளாறு இங்கேதான்.

அதற்காக ஸ்டேட் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். சார்ஜரை நெருங்கு, நேராக நில், பின்னால் நகர், மின் தொடர்பு வந்ததா பார் என்பது வரிசை மாறாத வேலை; `Charge` கணுவுக்குள்ளே அதைச் சின்ன ஸ்டேட் மெஷினாகவே வைப்பேன்.

கடைசியாகச் சோதனை: பேட்டரி அளவைக் கையால் 15 என்று கொடுங்கள், காபி ஏற்றும்போது ஒரு முறை, நடைபாதையில் ஒரு முறை, கப்பை நீட்டி நிற்கும்போது ஒரு முறை. மூன்றிலும் சக்கரம் நின்று, அப்புறம்தான் சார்ஜர் பக்கம் திரும்ப வேண்டும்.