வாடகை வீட்டில் கேக் தொழில்: ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஒரு வரி

சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டை 18,000 ரூபாய் வாடகைக்கும் 54,000 ரூபாய் அட்வான்ஸுக்கும் எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து வீட்டிலேயே கேக் செய்து விற்கத் தொடங்குகிறீர்கள். முதலில் வாரத்துக்கு இரண்டு ஆர்டர், பிறகு நாளுக்கு ஐந்து. எந்தக் கட்டத்தில் இது ஒப்பந்த மீறல் ஆகிறது, அப்படி ஆகிவிட்டால் என்ன நடக்கும், அதற்கு முன்பே என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

படி 1: பயன்பாட்டு வரியைத் தேடிப் படியுங்கள்

வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்கு நடுவே இப்படி ஒரு வரி இருக்கும்: "வாடகைதாரர் மேற்படி வீட்டைக் குடியிருப்புக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும்." இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. மூன்றும் ஒன்றல்ல.

"குடியிருப்புக்காக" என்று மட்டும் இருந்தால், வீடு வீடாகவே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மடிக்கணினியில் வேலை செய்வதாலோ, மாதம் ஒரு கேக் விற்பதாலோ வீடு கடையாகிவிடாது. "மட்டுமே" என்ற சொல் சேர்ந்தால் இடம் குறுகுகிறது. "எவ்விதத் தொழிலோ வியாபாரமோ செய்யக் கூடாது" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு கேக்கும் எழுத்துப்படி மீறல்தான். அந்த வரிக்குப் பின்னால் "மீறினால் உடனே காலி செய்ய வேண்டும்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் பயன்பாடு பற்றி எதுவுமே இல்லை என்றாலும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். எந்த நோக்கத்துக்காக வாடகைக்கு விடப்பட்டதோ அதற்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவு சொல்கிறது.

படி 2: உங்கள் தொழில் வெளியே எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்

வருமானம் எவ்வளவு என்று வீட்டுக்காரர் பார்ப்பதில்லை. அவர் காதுக்குப் போவது வேறு. வாட்ச்மேனின் நோட்டுப் புத்தகத்தை ஒரு முறை திறந்து பாருங்கள். ஒரே நாளில் உங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக ஆறு டெலிவரி ஆட்களின் பெயரும் வண்டி எண்ணும் நேரமும் வரிசையாக இருக்கும். தகராறு வந்தால் குடியிருப்புச் சங்கம் வீட்டுக்காரருக்கு அனுப்புவது அந்தப் பக்கத்தின் படத்தைத்தான். இரண்டாவது சாட்சி உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம்: "ஆர்டர்களை நேரில் பெற்றுக்கொள்ளலாம்" என்ற வரியும் கீழே வீட்டு முகவரியும். கதவில் மாட்டிய பலகை, ஆள் வைத்து வேலை, வகுப்பு நடத்துவது, இரவில் ஓடும் மிக்ஸர் எல்லாம் இதே வரிசையில் வருபவை.

படி 3: மின் இணைப்பைத் தனியாகக் கவனியுங்கள்

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, கட்டண வகை வீட்டு உபயோகம், அதாவது 1ஏ. அந்த மின்சாரத்தில் வியாபாரத்துக்காகக் கேக் சுடும் மின் அவனை ஓட்டினால், மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவில் அது அங்கீகரிக்கப்படாத பயன்பாடு. எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு.

உதாரணமாக, அந்த 12 மாதப் பயன்பாட்டுக்கு வணிகக் கட்டணப்படி 30,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொண்டால், மதிப்பீடு 60,000 ரூபாய்க்கு எழும். உங்கள் அட்வான்ஸே 54,000தான். நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குப் போகும், அவர் உங்களிடம் கேட்பார். அதனால்தான் "கேக் செய்வதில் என்ன தப்பு" என்ற உங்கள் கேள்வியும் அவருடைய பயமும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. வக்கீல், ஆடிட்டர் போன்றோர் தம் வீட்டோடு ஒட்டி வைத்திருக்கும் 200 சதுர அடிக்குள்ளான ஆலோசனை அறைக்குத் தமிழ்நாட்டுக் கட்டண விதியில் சலுகை உண்டு. கேக் அடுப்பு அதில் சேராது.

சமையல் கேஸும் அப்படியே. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இருக்கிறது. அதைக் குடியிருப்பில் வைக்கச் சங்கம் ஒப்புமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: தொடங்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்

வாய்மொழிச் சம்மதம் வீட்டுக்காரரின் மகன் ஊரிலிருந்து வந்ததும் மறைந்துவிடும். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு இடத்துக்கான ஆதாரம் தேவைப்படும்போது அவர் கையெழுத்தும் வேண்டியிருக்கலாம். ஆகவே கேளுங்கள், அதுவும் எல்லையோடு கேளுங்கள். "தொழில் செய்ய அனுமதி வேண்டும்" என்றால் யாரும் தயங்குவார்கள். இப்படி எழுதினால் பேச்சுக்கு இடம் கிடைக்கும்:

"ஐயா, மேற்படி வீட்டில் தொடர்ந்து குடியிருந்துகொண்டே, எங்கள் குடும்பத்தார் மட்டும், ஒரே ஒரு மின் அவனில் கேக் செய்து விற்கத் தங்கள் அனுமதியை வேண்டுகிறோம். வாடிக்கையாளர் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்து டெலிவரிக்கு மேல் இராது, இரவு 8 மணிக்குப் பின் இராது. பலகை வைக்க மாட்டோம். மின் கட்டண வகை மாற்றத்தாலோ, எங்கள் தொழிலின் காரணமாக விதிக்கப்படும் கூடுதல் வரியாலோ ஏற்படும் செலவை நாங்களே ஏற்கிறோம். ஒரு மாத முன்னறிவிப்பில் தாங்கள் இந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். வாடகை ஒப்பந்தம் அப்படியே தொடரும்."

கடைசி வாக்கியம் முக்கியம். அனுமதி போனாலும் வீடு போகாது என்பதை அதுதான் உறுதிப்படுத்துகிறது. அவர் ஒப்புக்கொண்டால் தேதியோடு இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைத்துவிடுங்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இதே வரிகள் ஒப்பந்தத்துக்குள்ளேயே வரட்டும். இல்லாவிட்டால் பழைய "மட்டுமே" மறுபடி அச்சாகி வந்துவிடும்.

அவருடைய சம்மதம் சங்கத்தின் விதியை மாற்றாது. விதிகளின் நகலை அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

படி 5: நோட்டீஸ் வந்துவிட்டால்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தவறான பயன்பாடு ஒரு வெளியேற்றக் காரணம். ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள்: நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த பிறகும் தொடர்ந்தால்தான் அந்தக் காரணம் நிற்கும். பொதுத் தொல்லை, கட்டடச் சேதம், வீட்டுக்காரரின் நலனுக்குப் பாதகம் போன்றவை தவறான பயன்பாட்டில் அடங்கும். மின்வாரிய மதிப்பீடு வந்திருந்தால் "நலனுக்குப் பாதகம்" என்று காட்டுவது அவருக்கு எளிது.

ஆகவே நோட்டீஸ் கையில் கிடைத்த நாள்தான் திருப்புமுனை. அன்றே ஆர்டர்களை நிறுத்துங்கள், இணையப் பக்கத்திலிருந்து முகவரியை எடுங்கள், "இன்ன தேதியோடு நிறுத்திவிட்டோம்" என்று ஸ்பீட் போஸ்ட்டில் பதில் அனுப்புங்கள். நோட்டீஸுக்குப் பிறகு வாட்ச்மேன் நோட்டில் ஏறும் ஒவ்வொரு டெலிவரியும் உங்களுக்கு எதிரான வரி. கோபத்தில் வாடகையை நிறுத்தவே கூடாது. இரண்டு மாத பாக்கி தனியான வெளியேற்றக் காரணம், இருந்த பலமும் அதில் போய்விடும். வங்கி வழியாகவே செலுத்துங்கள்.

வீட்டுக்காரரும் தானாகப் பூட்டுப் போடவோ, தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கவோ முடியாது. வெளியேற்றுவதற்கு அவர் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இணைப்பைத் துண்டித்தால் நீங்கள் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். நடைமுறையில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இவ்வளவு தூரம் போவதில்லை. 11 மாத ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிக்க மறுத்துவிடுவார்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால், அடுப்பில் பணம் போடுவதற்கு முன் படி 4-இன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருங்கள்.