ஜன்னல் இல்லாத பாத்ரூம்: எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் பூஞ்சை போகாதது ஏன்?

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, ஆனாலும் கூரை மூலையில் கறுப்புப் பூஞ்சை. இந்தப் புகாரோடு கடைக்குப் போனால் “6 இஞ்ச் பத்தாது சார், 8 இஞ்ச் போடுங்க” என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் ஃபேன் சின்னதாக இருப்பது காரணமே இல்லை.

சென்னை அடுக்ககங்களில் சர்வசாதாரணமாகப் பார்க்கும் ஒரு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். 7 அடி நீளம், 5 அடி அகலம், 9 அடி உயரம். ஒரு பக்கம் படுக்கையறைக் கதவு, எதிர்ச் சுவருக்குப் பின்னால் ஷாஃப்ட். உள்ளே இருக்கும் காற்று 315 கன அடி, அதாவது சுமார் 9 கன மீட்டர். மணிக்கு 10 முறை இந்தக் காற்று மாறினால் போதும் என்று வைத்தால், தேவை மணிக்கு 90 கன மீட்டர். அமெரிக்க வீடுகளுக்கான ஆஷ்ரே தரம், தேவைப்படும்போது மட்டும் போடும் பாத்ரூம் ஃபேனுக்குக் கேட்பதும் ஏறக்குறைய இதே அளவுதான்: நிமிடத்துக்கு 50 கன அடி, அதாவது மணிக்கு 85 கன மீட்டர்.

இப்போது சாதாரண 6 இஞ்ச் ஃபேனின் பெட்டியைப் பாருங்கள். மாடலுக்கு மாடல் மாறினாலும் மணிக்கு 200 கன மீட்டர் அளவில் போட்டிருக்கும். தேவையைப்போல இரண்டு மடங்கு. பிறகு ஏன் வேலை செய்யவில்லை? அந்த எண், ஃபேனுக்கு முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. உங்கள் பாத்ரூமில் இரண்டு பக்கமும் தடை இருக்கிறது.

முதல் தடை கதவு. பலரும் இதை யோசிப்பதே இல்லை. ஜன்னல் இல்லாத அறையிலிருந்து காற்று வெளியே போக வேண்டுமானால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே வழி கதவின் கீழ் இடுக்கு. தண்ணீர் படுக்கையறைக்கு வரக்கூடாது என்று தச்சர் அதை அரை சென்டிமீட்டருக்கு ஒட்டி வைத்திருப்பார். கதவு 75 செ.மீ. அகலம் என்றால் மொத்தத் திறப்பு 40 சதுர செ.மீ. கூடத் தேறாது. நமக்கு வேண்டிய 90 கன மீட்டர் அதற்குள் நுழைய நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகம் வேண்டும். இறக்கை நேராகச் சுற்றும் சாதாரண ஃபேனுக்கு அந்த அளவு இழுவை கிடையாது. 8 இஞ்ச் போட்டாலும் இதே கதைதான், இரைச்சல் மட்டும் கூடும். இரைச்சல் கூடினால் வீட்டில் யாரும் அதைப் போடமாட்டார்கள்.

இடுக்கை இரண்டரை சென்டிமீட்டர் ஆக்கினால் திறப்பு சுமார் 190 சதுர செ.மீ. ஆகும். காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த வேகத்தில் சிரமமில்லாமல் நுழையும். உள்ளே வெற்றிடமாக இருக்கும் பி.வி.சி. கதவைக் கீழே அறுத்தால் அந்த வெற்றிடம் திறந்து தண்ணீர் ஏறிவிடும். அதற்குப் பதில் கதவின் கீழ்ப் பகுதியில் 30-க்கு 15 செ.மீ. லூவர் கிரில் ஒன்றைப் பொருத்தலாம். பட்டைகள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டாலும் மீதி போதும்.

கதவுதான் சிக்கலா என்று கண்டுபிடிப்பது எளிது. ஃபேனைப் போட்டு, கதவை முழுக்கச் சாத்தி, ஒரு டிஷ்யூ பேப்பரை ஃபேன் கிரில் அருகே பிடியுங்கள். பேப்பர் ஒட்டாமல் நழுவுகிறதா? கதவை ஒரு கை அகலம் திறக்கச் சொல்லுங்கள். உடனே பேப்பர் ஒட்டிக்கொண்டால் ஃபேன் நல்ல ஃபேன்தான், காற்று வர வழிதான் இல்லை. கதவைத் திறந்தும் ஒட்டவில்லை என்றால் தடை மறுபக்கம் இருக்கிறது.

அந்த மறுபக்கத்தில்தான் விதவிதமான கூத்துகள். ஃபேனை ஃபால்ஸ் சீலிங்கில் பொருத்தி, அதன் வாயை அப்படியே சீலிங்குக்கு மேலேயே விட்டுவிடுவது ஒன்று. பாத்ரூமின் ஈரம் ஜிப்சம் பலகைக்கு மேல் போய்ச் சேர்ந்து, பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளரும். இன்னொன்று, ஷாஃப்ட் பக்கத்தில் இல்லாத பாத்ரூமில் நாலு மீட்டர் சுருக்கு ஹோஸைத் தொங்கலும் வளைவுமாக இழுத்து, அதன் முனையில் சுவரில் மாட்டும் சாதாரண ஃபேனை வைப்பது. சுருங்கிய ஹோஸின் தடைக்கே அந்த ஃபேனின் பலம் தீர்ந்துவிடும். குழாய் தேவைப்படும் இடத்தில், குழாயோடு இணைத்துப் பொருத்தும் இன்லைன் ஃபேன் வாங்குங்கள். அதன் பெட்டியிலோ கையேட்டிலோ, அழுத்தம் ஏற ஏற எவ்வளவு காற்று தள்ளும் என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸுக்குப் பதில் 4 இஞ்ச் பி.வி.சி. பைப் போட்டு, வெளிப்பக்கம் லேசாகச் சரிய விட்டால் உள்ளே படியும் ஈரம் ஃபேனுக்குத் திரும்பாமல் வெளியே வடியும்.

நம் உதாரணத்தில் ஷாஃப்ட் சுவர் இருப்பதால் குழாயே வேண்டாம். ஃபேனை அந்தச் சுவரில் கூரையை ஒட்டி, ஷவர் இருக்கும் பக்கமாக, ஆனால் தண்ணீர் நேரடியாகத் தெறிக்காத இடத்தில் வைக்கவேண்டும். கதவின் கீழே நுழையும் காற்று அறை முழுக்கக் கடந்து ஷவர் மேலே ஏறி வெளியேறும். வயரிங் மிச்சம் என்று கதவுக்கு மேலேயே ஃபேன் வைத்தவர்கள் வீட்டில் காற்று கீழே நுழைந்து நேரே மேலே போய்விடும். ஷவர் மூலையில் அசைவே இருக்காது, பூஞ்சையும் சரியாக அங்கேதான் வரும். ஷாஃப்ட் பக்கம் ஃபேன் நின்றதும் மூடிக்கொள்ளும் ஷட்டர் கட்டாயம், இல்லாவிட்டால் கீழ்வீட்டு பாத்ரூம் காற்று உங்கள் வீட்டுக்கு வரும். ஷாஃப்டின் உச்சியை யாராவது ஷீட் போட்டு அடைத்திருக்கிறார்களா என்று மொட்டைமாடிக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். விளக்கும் ஃபேனும் ஒரே சுவிட்சில் இருந்தால் குளித்து வெளியே வந்ததும் ஃபேன் நின்றுவிடும். நீராவி இருபது நிமிடத்தில் போய்விடும், ஆனால் டைல்ஸிலும் தரையிலும் நிற்கும் தண்ணீர் ஆவியாக அதைவிட நேரம் பிடிக்கும். வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு, தனி டைமர் சுவிட்சில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு ஒரு யூனிட்தான். ஈரப்பதத்தைப் பார்த்துத் தானே நிற்கும் சென்சார் ஃபேன் கடலோர ஊர்களுக்கு அவ்வளவு பொருந்தாது. சென்னையில் வெளிக்காற்றே பல நாள் 70, 80 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும். 65-இல் நிற்கும்படி வைத்த ஃபேன் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

கேஸ் கீசர் உள்ளே இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் அதை அகற்றுங்கள். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது இருக்கவே கூடாது. ஃபேன் இழுக்கும் இழுவையில், வெளியே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு திரும்ப உள்ளேயே வரலாம். ஃபேன் இருப்பதால் ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு.

இவ்வளவும் சரியாக இருந்தும் கறை போகவில்லை என்றால் அதன் இடத்தைக் கவனியுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் யாரும் குளிக்காமலிருந்தும் அதே இடம் ஈரமாக இருந்தால், பெயிண்ட் குமிழ் விட்டு உரிந்தால், அது மேல்வீட்டு பாத்ரூம் தரையிலிருந்தோ சுவருக்குள் ஓடும் பைப்பிலிருந்தோ வரும் கசிவு. அங்கே கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை அல்ல, பிளம்பரை.