மேடை உயரம்: முழங்கையை அளந்து பாருங்கள்

சமையல் மேடை கட்டும்போது கொத்தனார் வழக்கமான அளவையே சொல்வார். சமைப்பவர் ரொம்பக் குள்ளமோ நெட்டையோ என்றால் அது சரிவராது.

வீட்டில் போடும் செருப்போடு நின்று, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். அதில் 4 அங்குலம் குறைத்தால் காய் நறுக்கும் உயரம். என் அம்மா நாலடி பத்து அங்குலம். முழங்கை 36, மேடை 32.

அடுப்பு வேறு கணக்கு. ஸ்டவ்வே 5 அங்குலம், மேலே குக்கர் வேறு. அந்தப் பகுதியை மட்டும் 27-க்கு இறக்கினோம். முன்பெல்லாம் கிளறும்போது தோள் காதைத் தொடும்!

அப்புறம், டைல்ஸ் போட்டால் தரை 2 அங்குலம் ஏறும், மேடை தாழ்ந்துவிடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டிய தாழ்ந்த மேடையா? நெட்டையானவர் நறுக்கும் பலகைக்கு அடியில் ஆடாத மரக்கட்டை வைக்கலாம்.